வைடுக்கு அடுத்த பந்து

அன்புள்ள அண்ணா,
குடியாத்தம் பக்கம் ஒரு டென்னிஸ் பந்து டீமில் பந்து வீசுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கடைசி ஓவரில் எதிரணிக்கு எட்டு ரன் தேவை. முதல் பந்து வைட். அடுத்தது நோபால். மூன்றாவது சிக்ஸ். ஆட்டம் முடிந்தது. பயிற்சியில் யார்க்கர் நன்றாகவே விழும். அன்றைக்குக் கை என் பேச்சைக் கேட்கவில்லை. பதற்றத்தை எப்படிப் போக்குவது?

அன்புள்ள தம்பி,

பதற்றம் போகாது. நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். நான் கேட்பது வேறு: வைடு போட்டதற்கும் நோபாலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் எடுத்தாய்? பந்து கைக்கு வந்ததும் திரும்பி ஓடியிருப்பாய் என்பது என் ஊகம். சீக்கிரம் முடிந்து தொலையட்டும் என்று உடம்பு அவசரப்படும். ஓட்டத்தின் அளவு மாறிப்போய்க் கால் கோட்டைத் தாண்டும்.

கால்பந்தில் பெனால்டி அடிப்பவர்களுக்கும் இதே நோய் உண்டு. நார்வேக்காரரான கெய்ர் யோர்டெட் பெரிய போட்டிகளின் பெனால்டிகளை வீடியோவில் பார்த்து ஆராய்ந்தவர். நடுவர் விசில் ஊதியதும் பாய்ந்து அடிப்பவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள் என்று கண்டார். 1996 யூரோ அரையிறுதியில் பெனால்டியைத் தவறவிட்ட சௌத்கேட், பிறகு இங்கிலாந்தின் பயிற்சியாளரானபோது தன் ஆட்களை நிதானமாக அடிக்கப் பழக்கினார். 2018 உலகக் கோப்பையில் கொலம்பியாவை பெனால்டியில் வென்றார்கள்.

உனக்கு ஒரு வசதி இருக்கிறது. நீ ஓடி வந்தால்தான் பந்து. பந்தை வாங்கியதும் மட்டையாளருக்கு முதுகைக் காட்டி நட. நடக்கும்போதே மூச்சை மெதுவாக, இழுத்ததைவிட நீளமாக, வெளியே விடு. குறியிடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் எந்தப் பந்து என்று முடிவு செய்துவிடு. திரும்பியபின் யோசனை கிடையாது. கண் ஓரிடத்தில் நிற்கட்டும், அவன் ஷூ நுனி என்று வைத்துக்கொள். 'வைடு போடாதே' என்று சொல்லிக்கொண்டால் கண் வைடு கோட்டுக்கே போகும். மணிக்கட்டை எப்படித் திருப்புகிறேன் என்று கவனிக்கவும் கூடாது. உடம்புக்குத் தெரிந்த வேலையில் மூளை புகுந்தால் கை விறைத்துவிடும்.

2007 டி20 உலகக் கோப்பை இறுதியில் ஜோகிந்தர் சர்மாவை நினைத்துப் பார். கடைசி ஓவரில் பாகிஸ்தானுக்குப் பதின்மூன்று ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். முதல் பந்து வைட், உன்னுடையதைப் போலவே. அடுத்தது ரன் இல்லை. அதற்கடுத்தது சிக்ஸ். நான்கு பந்தில் ஆறு ரன் என்ற நிலையில் மிஸ்பா பந்தைப் பின்பக்கம் தூக்கிவிட, ஸ்ரீசாந்த் பிடித்தார். அதில் மிஸ்பாவின் தவறும் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன்.

பயிற்சியில் உனக்கு யார்க்கர் விழுவதற்கு ஒரு காரணம், அங்கே வைடு போனால் யாரும் கணக்கு வைப்பதில்லை, அடுத்த பந்து உடனே கையில். இனி பாலாற்று மணலில் ஒரு சுற்று ஓடிவிட்டு, மூச்சு வாங்கும்போதே ஒரு பந்து போடு. ஒன்றே ஒன்று. தவறினால் அன்றைக்கு டீச்செலவு உன்னுடையது. அடுத்த பந்துக்கு மறுபடி ஒரு சுற்று. சாயங்காலமாகப் போ, மே மாதத்து மணல் காலைப் பொசுக்கிவிடும்.