குரூப் 4 ஓஎம்ஆர்ல வரிசை மாறிடுது, என்ன பண்றது?

"மாடல் டெஸ்ட்ல 47ஐ விட்டுட்டு 48க்கான விடைய 47லயே ஷேட் பண்ணிட்டேன், 62ல தான் தெரிஞ்சுது. நிஜ எக்ஸாம்ல இப்படி ஆகாம இருக்க என்ன பண்ணலாம்?"

தம்பி, 48 முதல் 62 வரைக்கும் 15 கேள்வி, ஒண்ணுக்கு ஒன்றரைன்னா 22.5 மார்க் ஆபத்துல இருந்திருக்கு. எனக்கும் ஒரு தடவ இப்படி ஆச்சு, அதுல இருந்து ஷேட் பண்றதுக்கு முன்னாடி கேள்வி நம்பரையும் விடையையும் சேர்த்து மனசுக்குள்ள சொல்லுவேன், "நாப்பத்தெட்டு சி"ன்னு, வினாத்தொகுப்போட ஓரத்த அந்த வரிக்குக் கீழ ஒட்டி வெச்சுக்குவேன், இடது கை அத விட்டு நகராது.

அப்புறம் ஒவ்வொரு பத்துலயும் ஒரு செக். 51 தொடங்குறப்ப 50 நிரம்பி இருக்கணும், 51 காலியா இருக்கணும், இல்லன்னா அந்த பத்துக்குள்ள தான் தப்பு, அதுக்கு மேல பரவாது. வேணும்னே விட்ட கேள்வியோட நம்பர மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. கடைசி வரைக்கும் தெரியலன்னா இ வட்டம் இருக்கு, காலியா விட்டுடாதீங்க.

நடுவுல மாறினது தெரிஞ்சா பதறி பக்கத்து வட்டத்தையும் ஷேட் பண்ணிடாதீங்க, கருப்பு பால்பாயிண்ட் பேனா அழியாது, ரெண்டு வட்டம் நிரம்பினா அந்த கேள்வி போச்சு. நிரப்பினத அப்படியே விட்டுட்டு சரியான நம்பர்ல இருந்து தொடருங்க, தற்செயலா ஒண்ணு ரெண்டு சரியாக்கூட இருக்கும். யோசிக்கிறப்ப பேனா முனைய வட்டத்து மேல வெக்கிற பழக்கமும் வேணாம், பி-ல ஒரு புள்ளி விழுந்துட்டு சி-ய ஷேட் பண்ணா மெஷின் ரெண்டையும் எடுத்துக்க வாய்ப்பிருக்கு.