செக்ரோல் போட்ட கை தப்புக் கணக்குப் போட்ட காலை

கேள்வி: நான் பங்குச் சந்தைக்குப் புதுசு. சில வாரத்துக்கு முன்பு கம்பெனி போனஸ் பங்கு தருவதாக அறிவிப்பு வந்தது. இன்று காலை பார்த்தால் விலை மூன்றில் ஒரு பங்கு இறங்கிக் கிடக்கிறது. செயலி முழுக்கச் சிவப்பு. எனக்கு நட்டமா? இப்போதே விற்றுவிடட்டுமா?

விற்காதீர்கள். விற்க வேறு காரணம் இருந்தால் அது வேறு கதை. அந்தச் சிவப்பைப் பார்த்து மட்டும் விற்காதீர்கள். நான் விற்றேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பஹாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 22 வருடம் ஆபீஸ் கிராணியாக இருந்தவன் நான். பால்வெட்டு, செம்பனை இரண்டுக்கும் சம்பளச் செக்ரோல் போட்டிருக்கிறேன். ஆயிரம் பேர் சம்பளத்தில் பத்துக் காசு இடித்தாலும் ராத்திரி உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் படுப்பேன். அப்படிப்பட்டவன் ஒன்றரைப் பக்க அறிவிப்பைச் சரியாகப் படிக்காமல் ஏமாந்தேன். ஏமாற்றியது கம்பெனி இல்லை. நானேதான்.

என்னிடம் ஒரு கம்பெனியின் 1,700 பங்கு இருந்தது. சராசரி அடக்க விலை 2.40 ரிங்கிட், மொத்த முதல் 4,080. அறிவிப்பில் இருந்ததைத் தமிழில் சொன்னால், 'கையிலிருக்கும் ஒவ்வொரு இரண்டு பங்குக்கும் ஒரு போனஸ் பங்கு'. உரிமைத் தேதி, அதாவது போனஸ் யார் யாருக்கு என்று பட்டியல் எடுக்கும் நாள், ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்தைய நாள், புதன், Ex-Date, அன்றிலிருந்து வாங்குகிறவருக்குப் போனஸ் கிடையாது. நான் 'போனஸ்' என்ற சொல்லை மட்டும் படித்துவிட்டு, தீபாவளி போனஸ் மாதிரி ஏதோ சும்மா வருகிறது என்று சந்தோஷமாக மூடி வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சந்தை முடிந்தபோது விலை 3.00. புதன் காலை ஒன்பது மணிக்குச் செயலியைத் திறந்தால் 1.98. பங்கு அதே 1,700. அடக்க விலை அதே 2.40. நட்டம் 714 என்று சிவப்பில் காட்டியது. கம்பெனிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, ஒன்பது இருபதுக்கு 1,700-ஐயும் தள்ளிவிட்டேன். வீட்டுக்காரியிடம் எழுநூறு வெள்ளி போச்சு என்று சொல்லி, அன்று முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சாயந்திரம் சிரம்பானில் கணக்கு வேலை பார்க்கும் மகள் போன் பண்ணினாள். "அப்பா, உங்க போனஸ் பங்கு இன்னும் வந்தே சேரலப்பா. வெள்ளிக்கிழமை காலையில பாருங்க" என்றாள். பார்த்தேன். 850 பங்கு வந்து உட்கார்ந்திருந்தது.

நடந்தது இதுதான். செவ்வாய் வரைக்கும் சந்தையில் விற்ற ஒவ்வொரு பங்கோடும் போனஸ் பெறும் உரிமையும் சேர்ந்தே கைமாறியது. புதனிலிருந்து வாங்குகிறவருக்கு அந்த உரிமை கிடையாது. நம் சந்தையில் வாங்கிய பங்கு இரண்டு சந்தை நாள் கழித்துத்தான் கணக்குக்கு வரும். செவ்வாய் வாங்கினால் வியாழன் வந்து சேர்ந்து, உரிமைப் பட்டியலில் பெயர் ஏறிவிடும். புதன் வாங்கினால் வெள்ளிதான் வரும், பட்டியலில் பெயர் இருக்காது. நான் விற்றது புதன். என் 1,700 பங்கு வியாழன் வரை என் கணக்கிலேயே இருந்ததால் போனஸ் எனக்கே வந்தது. செவ்வாய் விற்றிருந்தால் அந்த 850 போயிருக்கும், ஆனால் ஒரு பங்குக்கு 3.00 கிடைத்திருக்கும். (இடையில் பொது விடுமுறை வந்தால் நாள் கணக்கு தள்ளிப்போகும். தீபாவளி வாரத்தில் காலண்டரைப் பார்த்துவிட்டு எண்ணுங்கள்.)

சரி, விலை ஏன் இறங்கியது? கம்பெனியின் சொத்து கூடவுமில்லை, குறையவுமில்லை. இரண்டு துண்டாக இருந்தது மூன்று துண்டாயிற்று, அவ்வளவுதான். முந்தைய நாள் விலை 3.00-ஐ இரண்டால் பெருக்கி மூன்றால் வகுத்தால் 2.00. புதன் காலை விலை தொடங்க வேண்டிய இடம் அது. 1.98-க்கு வந்திருந்தது என்றால் உண்மையில் இறங்கியது இரண்டு காசு. மற்ற ஒரு ரிங்கிட் இறக்கம் கண்ணுக்கு மட்டும்தான். உங்கள் பங்குக்கும் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். விடை இன்றைய விலைக்குப் பக்கத்தில் இருந்தால் ஒன்றும் நடக்கவில்லை. இன்றைய விலை அதைவிட வெகுவாகக் கீழே இருந்தால் மட்டும் கவலைப்படலாம்.

அடக்க விலையும் இதேபோல் இறங்கும். 4,080-ஐ 2,550 பங்கால் வகுத்தால் 1.60. அதாவது 1.98-க்கு நான் விற்ற 1,700 பங்கில் எனக்குப் பங்குக்கு 38 காசு லாபம். மொத்தம் 646 ரிங்கிட், புரோக்கர் செலவு தனி. எழுநூறு நட்டம் என்று திட்டு வாங்கியது லாபம் பார்த்த நாளில்! செயலி இன்னும் குழப்பியது. எனக்கு 714 நட்டம் என்று பதிவு செய்துவிட்டு, வெள்ளிக்கிழமை வந்த 850-க்கு அடக்க விலை பூஜ்யம் என்று போட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும். செயலிக்குச் செயலி இது மாறும். அதனால் வாங்கிய விலையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படித்துவிட்டு, பங்கு வாங்கி விற்றுத் தரும் ரெமிசியர் யாராவது, 'இது அடிப்படைப் பாடமாச்சே' என்று சிரிக்கலாம். சிரியுங்கள். 2021 தொடக்கத்தில் பப்ளிக் பேங்க் ஒன்றுக்கு நான்கு போனஸ் கொடுத்து, இருபது ரிங்கிட்டுக்கு மேல் இருந்த பங்கு நான்கு சொச்சத்துக்கு வந்தபோது எங்கள் ஊர்க் காப்பிக்கடையில் எத்தனை பேர் முகம் வெளுத்தது என்று எனக்குத் தெரியும்.

அறிவிப்பில் நீங்கள் கண்ணை வைக்க வேண்டிய இடம் விகிதம். போனஸ் என்றால் எண்ணிக்கை கூடுதலாக வருவதைச் சொல்லும். ஒன்றுக்கு நான்கு என்றால் பழைய ஒன்றும் சேர்த்து கையில் ஐந்து. 2020-ல் டாப் குளோவ் ஒன்றுக்கு இரண்டு கொடுத்தது, அது கையில் மூன்று. பங்குப் பிரிப்பு அப்படியில்லை. அங்கே 'ஒரு பங்கை மூன்றாகப் பிரிக்கிறோம்' என்று எழுதியிருப்பார்கள். மொத்தமே மூன்று, கூடுதலாக வருவது இரண்டுதான். இந்த இரண்டையும் மாற்றிப் படித்தால் விலைக் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும். மற்றபடி உங்கள் கையிருப்பைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். எண்ணிக்கை கூடும், விலை அதற்கேற்ப இறங்கும்.

இன்னொன்று, முதலில் வரும் அறிவிப்பு பெரும்பாலும் யோசனை மட்டுமே. அதில் தேதி இருக்காது. பங்குதாரர் கூட்டத்தில் ஒப்புதல் வாங்கி, சந்தையும் அனுமதி தந்த பிறகு, தேதிகளோடு இரண்டாவது அறிவிப்பு வரும். நாள் எண்ண வேண்டியது அதை வைத்துத்தான்.

850 வந்ததில் எனக்கு ஒரு சின்னத் தொல்லை மிச்சமானது. நம் சந்தையில் சாதாரணமாக நூறு நூறாகத்தான் விற்பனை. 800-ஐ எப்போது வேண்டுமானாலும் விற்கலாம். உதிரி 50-ஐத் தனிச் சந்தையில்தான் போட வேண்டும். அங்கே வாங்க ஆள் குறைவு, விலையும் இறக்கிக் கேட்பார்கள். என் புரோக்கரின் குறைந்தபட்சக் கட்டணம் 12 ரிங்கிட். நூறு ரிங்கிட் பெறாத சரக்குக்கு அவ்வளவு கூலி எதற்கு என்று விட்டுவிட்டேன். உங்களிடம் 1,705 பங்கு மாதிரி ஒற்றைப்படை எண் இருந்தால் அரைப் பங்கு ஒன்று மிஞ்சும். அது உங்கள் கைக்கு வராது, அதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள்.

அப்புறம் டிவிடெண்ட். அதற்கும் Ex-Date உண்டு, அன்றைக்கும் விலை இறங்கும். ஆனால் இந்த இறக்கம் வேறு வகை. இங்கே கம்பெனியிலிருந்து நிஜமாகவே பணம் வெளியே போகிறது, சில வாரம் கழித்து உங்கள் வங்கிக் கணக்குக்கு வருகிறது. போனஸுக்குப் பிறகு வரும் டிவிடெண்ட் அறிவிப்பைப் பார்த்து 'குறைத்துவிட்டார்கள்' என்று கோபப்படும் முன் பழைய பங்குக் கணக்கில் வைத்துப் பாருங்கள். நான் பங்கு வைத்திருக்கும் கம்பெனி முன்பு பங்குக்கு 4.5 காசு கொடுத்தது, பிறகு 3 காசு. 1,700-ஐ 4.5 காசால் பெருக்கினாலும் 2,550-ஐ 3 காசால் பெருக்கினாலும் 76.50 ரிங்கிட்தான். (ஒரு வருடத்தில் டிவிடெண்ட் வருமானம் ஒரு லட்சம் ரிங்கிட்டைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 2 விழுக்காடு வரி, 2025 வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து. நமக்கு அந்தக் கவலை இல்லை.)

டிவிடெண்ட் என்றதும் ஒரு பழைய வயிற்றெரிச்சல். கேட்டவருக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். 2010-க்குப் பிறகுதான் டிவிடெண்ட் நேராக வங்கிக்குப் போகத் தொடங்கியது. அதற்கு முன்பு காசோலை தபாலில் வரும். லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது, எல்லாக் கடிதமும் ஆபீசுக்குத்தான் வரும். ஒரே தோட்டத்தில் நான்கு முனியாண்டி, மூன்று லெட்சுமி. தோட்டம் கைமாறி ஆட்கள் வேறு ஊருக்குப் போன பிறகும் கடிதம் வந்துகொண்டே இருந்தது. முடிந்தவரை விசாரித்துக் கொடுத்தேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்பினேன். இன்றைக்கும் காப்பிக்கடையில் 'கிராணி நம்ம பங்குக் காசை முழுங்கிட்டாரு' என்று பின்னால் பேசுகிறார்கள். முழுங்கியிருந்தால் நான் ஏன் 850 பங்கோடு நிற்கிறேன்? யாரும் வாங்காத டிவிடெண்டைக் கம்பெனி ஒரு வருடத்துக்குப் பிறகு, உரிமை கோரப்படாத பணத்துக்கான பதிவாளரிடம் கட்டிவிட வேண்டும். அப்பா, தாத்தா பெயரில் பழைய பங்கு இருந்திருந்தால் அந்தப் பதிவாளரின் eGUMIS தளத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டுத் தேடுங்கள். என்னைத் திட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நான் விற்ற பங்கு அடுத்த சில மாதத்தில் 2.30-க்குப் போனது. அதற்காக நான் அழவில்லை, இறங்கியும் இருக்கலாம். விற்கவே நினைக்காத பங்கை, விலை இறங்காத நாளில் விற்றேனே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. போன டிவிடெண்ட் வந்தபோது வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. 25 ரிங்கிட் 50 காசு. வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "மிச்சம் எங்க?" என்றாள்.