பணம் கழிந்தது, ஆனால் பரிவர்த்தனை தோல்வி: என்ன அர்த்தம்?

"கடையில் யுபிஐயில் 500 ரூபாய் கட்டினேன். கணக்கில் பணம் கழிந்துவிட்டது, ஆப் தோல்வி என்கிறது. திரும்ப வருமா?"

வரும். உங்கள் வங்கி பணத்தைக் கழித்துவிட்டது. ஆனால் கடைக்காரரின் வங்கியில் வரவு வைக்க முடியவில்லை, அல்லது 'வரவு வைத்தாயிற்று' என்ற பதில் நேரத்துக்குள் வரவில்லை. பெறுநர் கைக்குப் போகாத மணியார்டர் அனுப்பியவருக்கே திரும்புவது போலத்தான் இதுவும்.

பெரும்பாலும் சீக்கிரமே வந்துவிடும். ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, கடைக்குக் கட்டிய பணம் 5 நாளுக்குள்ளும், தனிநபருக்கு அனுப்பியது மறுநாளுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அப்போது அந்தப் பரிவர்த்தனையின் அடையாள எண்ணான 12 இலக்க யுடிஆர் எண்ணைக் குறித்துக்கொண்டு, உங்கள் வங்கியில் புகார் கொடுங்கள்.

பணம் ஆப் கம்பெனியிடம் மாட்டிக்கொண்டதாகப் பலர் திட்டுகிறார்கள். உண்மையில் அது வங்கிகளுக்கு இடையில்தான் நிற்கிறது.