ஹார்லிக்ஸ் எந்த நாட்டு பிராண்ட்?

கேள்வி: ஹார்லிக்ஸ் இந்தியாவில்தான் தயாராகிறது. அப்படியானால் அது இந்திய பிராண்டா, வெளிநாட்டு பிராண்டா? இதை எதை வைத்து முடிவு செய்வது?

சென்னையில் கம்பெனி செக்ரட்டரியாக வேலை பார்ப்பவன் என்பதால், இந்தக் கேள்வியை ஆவணங்களை வைத்தே அணுகுவது என் வழக்கம். ஆலை எங்கே இருக்கிறது என்பதை நான் பார்ப்பதில்லை. பிராண்ட் இன்று எந்த நிறுவனத்தின் சொத்து, அந்த நிறுவனம் எந்த நாட்டுச் சட்டப்படி பதிவானது, அதன் முடிவுகள் யார் கையில் இருக்கின்றன என்ற மூன்றையும் இதே வரிசையில் தேட வேண்டும்.

ஹார்லிக்ஸை உருவாக்கிய சகோதரர்கள் இருவரும் இங்கிலாந்துக்காரர்கள்; 1873இல் அமெரிக்காவில் தொழில் தொடங்கினார்கள். பிற்காலத்தில் அந்தப் பெயர் பிரிட்டனின் கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் குழுமத்திடம் வந்து சேர்ந்தது. 2020 ஏப்ரலில் அந்தக் குழுமத்தின் இந்திய நுகர்பொருள் நிறுவனம் ஹிந்துஸ்தான் யூனிலீவருடன் இணைக்கப்பட்டது. இந்தியாவுக்கான ஹார்லிக்ஸ் வணிகக்குறி அந்த இணைப்போடு தானாக வந்துவிடவில்லை. ஹிந்துஸ்தான் யூனிலீவர் அதைத் தனியாக, சுமார் 3,045 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது. பிரிட்டனில் விற்கும் ஹார்லிக்ஸோ அதற்கு முன்பே வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டுவிட்டது. ஆகவே ஒரே பெயருக்கு நாட்டுக்கு நாடு வேறு உரிமையாளர் இருக்கலாம் என்பதால், எந்தச் சந்தையில் விற்கும் ஹார்லிக்ஸைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நம் கடையில் கிடைப்பதற்கு உரிமையாளர் ஹிந்துஸ்தான் யூனிலீவர்.

அடுத்தது பதிவு. இந்திய நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் 21 எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாள எண் உண்டு. நிறுவனத்தின் இணையதளத்திலும் ஆண்டறிக்கையிலும் அதைக் காணலாம். ஹிந்துஸ்தான் யூனிலீவரின் எண் L15140MH1933PLC002030. முதலில் உள்ள L, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்பதைக் காட்டுகிறது. MH என்பது மகாராஷ்டிரம், 1933 பதிவான ஆண்டு, PLC என்பது பொது நிறுவனம். எனவே சட்டத்தின் பார்வையில் இது ஐயமில்லாமல் இந்திய நிறுவனம்தான். பலரும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். வெளிநாட்டு நிறுவனத்தின் துணை நிறுவனமாக உள்ள தனியார் நிறுவனமாக இருந்தால், PLC இருக்கும் இடத்தில் FTC என்று இருக்கக்கூடும். பொது நிறுவனத்தின் எண்ணில் இருக்கும் PLC, கட்டுப்பாடு யாரிடம் என்பதைச் சொல்லாது.

அதை அறிய, பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் காலாண்டுதோறும் பங்குச் சந்தைக்குத் தரும் பங்குதாரர் விவரப் பட்டியலைத் திறக்க வேண்டும். அதில் புரமோட்டர், அதாவது நிறுவனத்தைத் தொடங்கியவர் அல்லது கட்டுப்படுத்துபவர், பகுதி உள்நாடு, வெளிநாடு என்று பிரிந்திருக்கும். ஹிந்துஸ்தான் யூனிலீவரின் புரமோட்டர் பங்குகள் அனைத்தும் வெளிநாட்டுப் பிரிவில் உள்ளன. அங்கே தனிப்பெயராகப் பெரிய பங்கை வைத்திருப்பது யூனிலீவர் பிஎல்சி. அதன் பங்கு சுமார் 47 சதவீதம். அந்த ஒரு வரியை மட்டும் படித்தால், பாதிக்கும் குறைவு, ஆகவே கட்டுப்பாடு இல்லை என்று தோன்றிவிடும். அதே குழுமத்தைச் சேர்ந்த மற்ற நிறுவனங்களின் பங்குகளையும் கூட்டினால் 61.90 சதவீதம் வருகிறது. பாதிக்கு மேல் வாக்குரிமை உள்ளவர் சாதாரணத் தீர்மானத்தைத் தாமே நிறைவேற்றலாம், இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கலாம். கம்பெனிச் சட்டம் 2013இன் 2(27) பிரிவு கட்டுப்பாடு என்று வரையறுப்பதும் பெரும்பான்மை இயக்குநர்களை நியமிக்கும் உரிமையையும், நிர்வாகத்தையோ கொள்கை முடிவுகளையோ கட்டுப்படுத்தும் உரிமையையும்தான்.

இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். யூனிலீவர் பிஎல்சி இங்கிலாந்தில் பதிவானது; அதன் பங்குகள் உலகெங்கும் சிதறிக் கிடக்கின்றன, தனியொருவர் ஆள்வதில்லை. தேடல் அங்கே முடிகிறது. 2020 நவம்பர் வரை அந்தக் குழுமத்துக்கு ராட்டர்டாமில் ஒன்று, லண்டனில் ஒன்று என இரண்டு தலைமை நிறுவனங்கள் இருந்தன. பின்னர் லண்டன் நிறுவனத்தின் கீழ் ஒன்றாயின. அதற்கு முன்பு இக்கேள்வி வந்திருந்தால், பிரிட்டனோடு நெதர்லாந்தையும் சேர்த்தே சொல்லியிருப்பேன். இன்றைய நிலையில் என் பதில் இது: உரிமையாளர் இந்திய நிறுவனம், கட்டுப்பாடு பிரிட்டிஷ் குழுமத்திடம். ஒரே சொல்லில் கேட்டால் வெளிநாட்டு பிராண்ட் என்றே சொல்வேன், ஏனெனில் இயக்குநர் குழுவை முடிவு செய்பவரே பிராண்டின் போக்கையும் முடிவு செய்கிறார்.

இதே முறை எதிர்த்திசையிலும் பொருந்தும். திருவொற்றியூர் ஆலையால் சென்னைக்காரர்களுக்கு நெருக்கமான ராயல் என்ஃபீல்டு, இங்கிலாந்தின் ரெடிச் நகரில் பிறந்த பெயர். இன்று அது ஐஷர் மோட்டார்ஸின் பிராண்ட். ஐஷரின் எண்ணில் இருப்பது DL, அதாவது டெல்லி. அங்கே லால் குடும்பத்தின் புரமோட்டர் பங்கு பாதிக்குச் சற்றே குறைவு. ஆனாலும் மீதிப் பங்குகள் பலரிடம் பிரிந்திருப்பதால் வழிநடத்துவது அந்தக் குடும்பம்தான். ஆகவே 50 என்ற எண்ணை மட்டும் தேடாதீர்கள். மற்றப் பங்குகள் எப்படிப் பிரிந்துள்ளன, இயக்குநர் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.