கண் சிமிட்டணும், முடி ஆடணும், லூப் குதிக்கக் கூடாது: வந்த கேள்விகளும் பதிலும்

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், வரைஞ்சு வெச்ச போர்ட்ரெய்ட்ட ஒரு குட்டி லூப்பா மாத்துறது எப்படின்னு. அதனால எல்லாத்துக்கும் ஒரே உதாரணத்த வெச்சே சொல்றேன். தோள் வரைக்கும் முடி, தடிமனான அவுட்லைன், ஃப்ளாட் கலர், நேரா பாக்குற முகம். லூப் 8 செகண்ட், செகண்டுக்கு 25 ஃப்ரேம், ஆக மொத்தம் 200 ஃப்ரேம்.

கேள்வி: முடிய தனி லேயரா வெட்டி ஆட்டினா பின்னாடி ஓட்டை தெரியுது. என்ன பண்ண?

வெட்டினது தப்பில்ல, வெட்டுன இடத்த நிரப்பாம விட்டதுதான் தப்பு. முடி நகர்ந்தா அதுக்குப் பின்னாடி இருக்குற கன்னம், காது, கழுத்து, பேக்கிரவுண்ட் எல்லாம் தெரியும், அத நீங்கதான் வரைஞ்சு வெக்கணும். முழுசா வேணாம், முடி அதிகபட்சம் எவ்ளோ தூரம் ஆடுமோ அதுக்கு ரெண்டு மடங்கு உள்ள தள்ளி வரைஞ்சா போதும். ஃப்ளாட் கலர் படத்துல இது பத்து நிமிஷ வேலை.

இன்னொரு ஓட்டை கத்தையோட வேர்ல வரும். கண்ணுக்குத் தெரியுற எடத்தோட கத்தைய வெட்டிட்டீங்கன்னா, அது திரும்பும்போது தலையில இருந்து பிஞ்சு வந்த மாதிரி ஒரு கோடு தெரியும். கத்தைய மேல நீட்டி, வேர் மண்டைக்குள்ள ஒளிஞ்சிருக்குற மாதிரி வெச்சு, ஆங்கர் பாயிண்ட்டையும் அந்த ஒளிஞ்ச எடத்துலயே வைங்க.

கேள்வி: கண்ண மேலயும் கீழயும் நசுக்கி சிமிட்ட வெச்சேன், பொம்மை மாதிரி இருக்கு.

ஸ்கேல் பண்ணிருக்கீங்க, அதான். நசுக்கும்போது கண்முழியும் சேர்ந்து நசுங்குது, நெஜத்துல முழி அப்படியேதான் இருக்கும், மேல் இமைதான் அது மேல எறங்கும். கீழ் இமை ஏறக்குறைய அசையவே அசையாது. அதனால மூடின கண்ணோட கோடு கண்ணுக்கு நட்ட நடுவுல வராது, கீழ் இமைக்குப் பக்கத்துல வரும். நடுவுல போட்டா உடனே செயற்கையா தெரியும், ஏன்னு பாக்குறவங்களுக்கு சொல்லத் தெரியாது ஆனா தெரியும்.

நான் நாலு படமா வரைஞ்சு வெச்சுப்பேன்: முழுசா திறந்தது, முக்கால், பாதி, மூடினது. மேல் இமை கோடு திறந்திருக்கும்போது மேல் பாத்து வளைஞ்சிருக்கும், பாதில கிட்டத்தட்ட நேராயிடும், மூடும்போது கீழ் பாத்து வளையும், இந்த வளைவு மாறுறதுதான் சிமிட்டலே. இமைக்கு தோல் கலர விட ஒரு துளி டார்க்கா போடுங்க, அதே கலர் போட்டா கண்ணையே அழிச்ச மாதிரி இருக்கும்.

டைமிங்: மூடுறது வேகம், திறக்குறது கொஞ்சம் மெதுவு. நம்ம உதாரணத்துல 40ஆவது ஃப்ரேம் வரைக்கும் திறந்திருக்கு, 41 பாதி, 42ம் 43ம் மூடினது, 44 பாதி, 45ம் 46ம் முக்கால், 47ல திறந்தாச்சு. ஒரு ஃப்ரேம் 40 மில்லிசெகண்ட், ஆறு ஃப்ரேம்னா 240, நிஜமான சிமிட்டல் இந்த ரேஞ்சுலதான் இருக்கும். அரை செகண்டுக்கு இழுத்தீங்கன்னா ஆள் தூங்கி விழுற மாதிரி ஆயிடும் (அதுதான் வேணும்னா ஓகே).

கேள்வி: சிமிட்டல் சரியா வந்துச்சு ஆனா மெஷின் மாதிரி இருக்கு.

4 செகண்ட் லூப்ல ஒரே ஒரு சிமிட்டல் போட்டிருப்பீங்க. சரியா நாலு செகண்டுக்கு ஒரு தடவைன்னா மூணாவது சுத்துலயே மண்டை கண்டுபிடிச்சிடும். அதுக்குத்தான் நான் 8 செகண்ட் எடுத்தேன். ஒண்ணு 41ல ஆரம்பிக்குது, இன்னொண்ணு 161ல. நடுவுல 120 ஃப்ரேம் கேப், அப்புறம் லூப் சுத்தி திரும்ப 41க்கு வர 80 ஃப்ரேம். அதாவது 4.8 செகண்ட், 3.2 செகண்ட், சமமா இல்ல, அதுதான் வேணும். லூப் சேர்ற எடத்துக்குப் பக்கத்துல மட்டும் சிமிட்டல் வேண்டாம்.

கேள்வி: முடி அட்டை மாதிரி மொத்தமா ஆடுது.

முழு கத்தையும் ஒரே நேரத்துல ஒரே பக்கம் திரும்பினா அட்டைதான். முடில அசைவு வேர்ல ஆரம்பிச்சு நுனிக்கு லேட்டா போய் சேரும், அந்த லேட்டுதான் எல்லாமே. ஒரு கத்தைய வேர், நடு, நுனின்னு மூணு துண்டா வெட்டி, நுனிய நடுவுக்கும் நடுவ வேருக்கும் பேரண்ட் பண்ணுங்க. துண்டுகள் ஒண்ணு மேல ஒண்ணு கொஞ்சம் ஏறி இருக்கணும், சேர்ற எடம் உருண்டையா இருக்கணும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்னா ஒவ்வொண்ணோட ரொட்டேஷன்லயும் இத போடுங்க:

```
amp = 3; lag = 0.6; T = 4;
value + amp * Math.sin(2*Math.PI*time/T - lag)
```

amp எவ்ளோ ஆடணும்கிறது, lag எவ்ளோ லேட்டுங்கிறது, T ஒரு ஆட்டத்துக்கு எத்தனை செகண்டுங்கிறது. வேருக்கு amp 1.5, lag 0. நடுவுக்கு 3, 0.6. நுனிக்கு 5, 1.2. amp டிகிரில இருக்கு, கம்மின்னு தோணும், ஆனா பேரண்ட் பண்ணதால ஒண்ணு மேல ஒண்ணு கூடி நுனில நல்லாவே தெரியும். பக்கத்துக் கத்தைக்கு மூணு lagலயும் 0.4 கூட்டிக்கோங்க, அடுத்ததுக்கு இன்னொரு 0.4, காத்து ஒரு பக்கத்துல இருந்து வருடிட்டு போற மாதிரி வரும். நெத்தில விழுற குட்டி முடிக்கு T = 2 வைங்க, லேசா இருக்குறது வேகமா ஆடும்ல.

நுனி சவுக்கு மாதிரி அடிச்சா lag ஜாஸ்தி. திரும்ப அட்டையா தெரிஞ்சா கம்மி.

கேள்வி: wiggle போட்டா ஈஸியா முடியாதா?

அது ரேண்டம், ஆரம்பமும் முடிவும் சேராது. விடுங்க.

கேள்வி: லூப் முடியிற எடத்துல ஒரு சின்ன குதிப்பு.

ரெண்டு காரணம் இருக்கலாம். பெரிய குதிப்புன்னா T தப்பு. லூப் நீளத்த Tயால வகுத்தா முழு எண் வரணும். 8க்கு 4, 2, 8/3 எல்லாம் ஓகே, T = 3 போட்டா ரெண்டே முக்கால் சுத்துகிட்ட நின்னுடும், முடி பட்டுனு தாவும். amp, lag எது வேணா இருக்கலாம், T மட்டும்தான் கண்டிப்பு.

தாவல, ஆனா ஒரு நொடி தயங்குற மாதிரி இருக்குன்னா கடைசி ஃப்ரேம் டூப்ளிகேட். 0வதும் 200வதும் ஒரே படம், ரெண்டையும் எக்ஸ்போர்ட் பண்ணா அந்த போஸ் ரெண்டு ஃப்ரேம் நிக்கும். 0ல இருந்து 199 வரைக்கும் மட்டும் எடுங்க. சந்தேகம்னா முதல் படத்தையும் கடைசி படத்தையும் மாத்தி மாத்தி பாருங்க, கொஞ்சமாவது நகரணும்.

கேள்வி: ஜிஃப் ஆக்கினா அசையாத கன்னத்துல கூட புள்ளி புள்ளியா மினுங்குது, சைஸும் பெருசு.

ஜிஃப்ல ஒரு ஃப்ரேமுக்கு 256 கலர்தான். மீதி கலர புள்ளி வெச்சு ஏமாத்தும், இதுக்குப் பேருதான் டிதர், அந்தப் புள்ளிங்க ஃப்ரேமுக்கு ஃப்ரேம் எடம் மாறுறதுதான் மினுங்கல். bayer டிதர் போட்டா புள்ளிங்க ஒரே எடத்துல நிக்கும். சைஸுக்கு, பாதி ஃப்ரேம் போதும், ரெண்டர் செட்டிங்ல 12.5 போட்டு பிஎன்ஜியா எடுங்க, பேர f_[###].pngன்னு வெச்சு 0ல இருந்து நம்பர் போட்டா f_000ல இருந்து f_099 வரைக்கும் 100 படம் வரும். 42ல மூடி, 44ல பாதி, 46ல முக்கால்னு சிமிட்டலும் தப்பிச்சிடும். அப்புறம்:

```
ffmpeg -framerate 12.5 -i f_%03d.png -vf "split[a][b];[a]palettegen[p];[b][p]paletteuse=dither=bayer:bayer_scale=4:diff_mode=rectangle" -loop 0 out.gif
```

ஏன் 24 இல்லாம 25ன்னு கேக்கலாம். ஜிஃப் ஒவ்வொரு ஃப்ரேமோட நேரத்தையும் செகண்ட்ல நூத்துல ஒரு பங்கா, முழு எண்ணாதான் எழுதும். 25க்கு 4, 12.5க்கு 8, சுத்தமா வருது. 24க்கு 4.17, அத எழுத முடியாம சில ஃப்ரேம் 4, சில ஃப்ரேம் 5ன்னு ஆகி, மெதுவா ஆடுற முடில அந்தத் தடுக்கல் தெரியும்.