ஒன்பது வயதுப் பிள்ளையின் விருப்பம் கோர்ட்டில் எவ்வளவு தூரம் செல்லும்?

"மேடம், கணவரைப் பிரிந்து திருவையாறு பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறேன். ஒன்பது வயது மகன், இத்தனை நாளும் என்னோடுதான் இருந்தான். கோடை லீவுக்குக் கும்பகோணத்தில் அவன் அப்பா வீட்டுக்குப் போனவனைத் திருப்பி அனுப்பவில்லை. போனில் 'நான் இங்கேயே இருக்கேன்மா' என்கிறான். ஒன்பது வயதானால் பிள்ளை சொல்வதுதான் கோர்ட்டில் செல்லும், கேஸ் போட்டும் பயனில்லை என்கிறார்கள். உண்மையா?"

இல்லை சகோதரி. ஒன்பது வயது என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின் 17-வது பிரிவு, விவரம் தெரிந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்குப் பிள்ளை வளர்ந்திருந்தால் அதன் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது, அவ்வளவுதான். 'கொள்ளலாம்' என்பதைக் கவனியுங்கள். வயதை எண்ணில் சொல்வது 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் சட்டம்; ஐந்து வயது முடியாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பது அது. ஐந்துக்கு மேல் போனால் தகப்பனுக்குத்தான் என்று அதற்கு அர்த்தமில்லை, அதையும் உங்களிடம் சிலர் சொல்வார்கள்.

நடைமுறையில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையிடம் நீதிபதி பெரும்பாலும் பேசிப் பார்ப்பார். தன் அறையில், அப்பா அம்மா வக்கீல் யாரும் இல்லாமல். சில இடங்களில் அதற்கு முன்பே ஆலோசகர் ஒருவர் பேசி அறிக்கை கொடுத்திருப்பார். யாரைப் பிடிக்கும் என்று எடுத்த எடுப்பில் கேட்பதில்லை. எந்த ஸ்கூல், பக்கத்து சீட்டில் யார், காலையில் யார் எழுப்பிவிடுவார்கள், காய்ச்சல் வந்தால் யார் கூட இருப்பார்கள் என்று பேச்சு போகும், அதிலேயே பாதி தெரிந்துவிடும். உங்கள் பையன் "அப்பா சைக்கிள் வாங்கிக் கொடுத்தாங்க, இங்க பசங்க இருக்காங்க, ஆத்துல குளிக்கலாம்" என்றால் அது லீவு சந்தோஷம், அதற்குப் பெரிய எடை கிடைக்காது. "அம்மாவுக்கு வருமானம் இல்ல, என்னை வளர்க்கத் தகுதி இல்ல" என்றால் அது ஒன்பது வயதுப் பிள்ளையின் பேச்சே இல்லை. யாரோ சொல்லிக் கொடுத்தது என்று அனுபவமுள்ள நீதிபதிக்குத் தோன்றும், "ஏன் அப்படிச் சொல்றே, என்ன நடந்துச்சு" என்று கேட்டால் சொல்ல ஒரு சம்பவம்கூட இருக்காது. சந்தேகம் வந்தால் சில நாள் உங்களிடம் விட்டுவைத்து மறுபடி பேசிப் பார்ப்பதும் உண்டு.

ஆனால் காரணம் உண்மையாக இருந்தால் அதை லேசாகத் தள்ளவும் மாட்டார்கள். 2008-இல் நீல் ரத்தன் குண்டு வழக்கில், மனைவியின் சாவு தொடர்பாகக் குற்றம் சாட்டப்பட்ட தகப்பனிடம் பிள்ளையை ஒப்படைக்கக் கீழ் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. உச்ச நீதிமன்றம் பையனிடமே பேசியது, அவன் அப்பாவிடம் போக மாட்டேன் என்று உறுதியாகச் சொன்னான், தாய்வழித் தாத்தா பாட்டியிடமே விட்டார்கள். இதற்கு நேர்மாறாக 2022-இல் ரோஹித் தம்மண கவுடா வழக்கு. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்து அம்மாவோடு பெங்களூரு வந்துவிட்ட பையனின் விருப்பத்தைப் பெரிதாக எடுத்து, அவன் இங்கேயே இருக்கட்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல, உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பிள்ளை என்ன விரும்புகிறது என்பது வேறு, பிள்ளைக்கு எது நல்லது என்பது வேறு, இரண்டாவதை முடிவு செய்வது நீதிமன்றம் என்றது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. காத்திருக்காதீர்கள். அவர் அங்கேயே பள்ளியில் சேர்த்து ஒரு வருடம் ஓடிவிட்டால், பழகிப்போன இடத்திலிருந்து பிள்ளையைப் பிடுங்க வேண்டுமா என்ற கேள்வி உங்களுக்கு எதிராக நிற்கும், அவன் விருப்பமும் அதற்குள் உண்மையாகவே மாறியிருக்கும். பிள்ளையைத் திருப்பி ஒப்படைக்கக் கேட்டு காப்பாளர் சட்டம் 25-வது பிரிவில் மனு, கூடவே வழக்கு முடியும்வரை பிள்ளையை உங்களிடம் விடக் கேட்டு 12-வது பிரிவில் இடைக்கால மனு, இரண்டையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள். இதுவரை அவன் படித்த பள்ளியின் ரேங்க் கார்டு, ஃபீஸ் ரசீது, டாக்டர் சீட்டு எல்லாம் எடுத்து வையுங்கள், யாரிடம் வளர்ந்தான் என்பதற்கு அதுதான் சாட்சி.

போனில் அவனை அழவைத்து "அம்மாகிட்ட வரேன்னு சொல்லு" என்று ரெக்கார்ட் மட்டும் பண்ணிவிடாதீர்கள். அதுவும் சொல்லிக் கொடுத்ததுதான், கோர்ட்டில் உங்கள் மேலேயே திரும்பும். விசாரணை நாளில் "உனக்குத் தோணுறதைச் சொல்லு, அம்மா கோவிச்சுக்க மாட்டேன்" என்பது போதும்.

எல்லாம் கேட்டபின் அவன் அப்பாவிடம் இருப்பதே சரி என்று நீதிபதிக்குப் படவும் வாய்ப்புண்டு, அதை மறைத்து உங்களுக்கு எழுத எனக்கு மனமில்லை. அதனால் அதே மனுவில் மாற்றுக் கோரிக்கையாக வார இறுதி, லீவில் பாதி, தினமும் ஒரு போன் என்று நாளும் நேரமும் போட்டுக் கேட்டு வையுங்கள். இந்த உத்தரவுகள் எதுவும் கடைசித் தீர்ப்பு அல்ல, நிலைமை மாறினால் அவனுக்குப் பதினெட்டு முடிவதற்குள் மறுபடி மனு போட்டு மாற்றக் கேட்கலாம்.