கம்பெனியை மூடும்போது யாருக்கு முதல்ல பணம், யாருக்கு நாமம்?

கேள்வி: கம்பெனி திவாலாகி மூடினா பேங்க், சரக்கு கொடுத்தவங்க, ஷேர் வச்சிருக்கவங்க எல்லாரும் சமமா பங்கு போட்டுக்குவாங்களா?

இல்லைங்க. மூடுற கம்பெனியோட சொத்தை வித்து கடன்காரங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கிற லிக்விடேட்டர் ஆபீஸ் ஒண்ணுல நான் சில வருஷம் கணக்கு பார்த்தவன். அங்க வந்து சண்டை போடுற முக்காவாசி பேர் இப்படி சமபங்குன்னு நினைச்சுதான் வருவாங்க. ஒருத்தர் இன்வாய்ஸ் ஃபைலைத் தூக்கிட்டு வந்து, "நான் கொடுத்த சரக்கு பெட்டி கூட பிரிக்காம அந்த குடோன்லயே கிடக்குது, எடுத்துட்டுப் போறேன் விடுங்க"ன்னு நின்னார். விட முடியல. ஏன்னு கடைசில சொல்றேன்.

ஒரு கணக்கு போட்டுப் பாத்தா ஈஸியா புரியும். கம்பெனி கட்டிடத்தை அடமானம் வச்சு பேங்க்ல வாங்கின கடன் 60 கோடி பாக்கின்னு வச்சுக்கோங்க, கட்டிடம் ஏலச் செலவு போக 45 கோடிக்குத்தான் போச்சு. மெஷின், சரக்கு, வெளில வசூலான பாக்கி எல்லாம் சேர்த்து இன்னொரு 25 கோடி. கட்டிடத்து 45 பொதுவா நேரா பேங்குக்குப் போயிடும், அதுல மத்தவங்க கை வைக்க முடியாது. மிச்சம் 25ல முதல்ல எடுக்கிறது லிக்விடேட்டர் ஃபீஸ், வக்கீல், வாட்ச்மேன், இன்சூரன்ஸ்னு மூடுறதுக்கே ஆகுற செலவு, அது 5. (எல்லாரும் திட்டுறது இதைத்தான், ஆனா இது முதல்ல இல்லைன்னா இந்த வேலைக்கு ஆளே வராது.) அப்புறம் தொழிலாளிங்க சம்பள பாக்கி 4. இதுக்கு பல நாடுகள்ல இத்தனை மாசம், இவ்வளவு தொகைன்னு ஒரு வரம்பு உண்டு, அதுக்கு மேல உள்ளது கீழ் வரிசைக்கு இறங்கிடும். வரி பாக்கி ஒரு நாட்டுல மேல நிக்கும், இன்னொரு நாட்டுல கீழ நிக்கும், அதனால அதை இந்தக் கணக்குல சேர்க்கல.

இப்ப கையில 16 இருக்கு. அடமானம் இல்லாதவங்க வரிசைல சரக்கு கொடுத்தவங்களுக்கு 40, அட்வான்ஸ் கட்டின கஸ்டமர்களுக்கு 9 வரணும். கூடவே பேங்கும் வந்து நிக்கும், கட்டிடம் போதாம விட்டுப்போன 15 இருக்கே! மொத்தம் 64 கேட்கிறாங்க, இருக்கிறது 16, அதனால எல்லாருக்கும் நாலுல ஒரு பங்கு. யார் பில் பழசு, யார் முதல்ல கேஸ் போட்டாங்கங்கிறதெல்லாம் எடுபடாது, ஒரே வரிசைக்குள்ள எல்லாரும் சமம்தான். 2 கோடி வரவேண்டியவருக்கு 50 லட்சம். பிரிஃபரன்ஸ் ஷேர்காரங்க இதுக்கும் கீழ, சாதா ஷேர்காரங்க அதுக்கும் கீழ, மேல உள்ளவங்க கடன் முழுசா தீர்ந்தாத்தான் அவங்க பக்கம் ஏதாவது வரும். இங்க ரெண்டு பேருக்கும் சைபர்.

இதுலயே ஒண்ணே ஒண்ணை மாத்துங்க. பேங்க் கடன் கொடுக்கும்போது கட்டிடம் மட்டும் இல்லாம மெஷின், சரக்கு, வசூல் எல்லாத்து மேலயும் ஃப்ளோட்டிங் சார்ஜ், அதாவது வந்து போய் மாறிக்கிட்டே இருக்கிற சொத்து மேல ஒரு அடமானம், எழுதி வாங்கி பதிவும் பண்ணிருந்துச்சுன்னா? அந்த 16ல 15 பேங்குக்கே போயிடும். மிச்சம் 1 கோடியை 49 கோடி கேட்கிறவங்க பிரிச்சுக்கணும், நூத்துக்கு ரெண்டு தேறும். (இந்த மாதிரி நேரத்துல சாதா கடன்காரங்களுக்குன்னு கொஞ்சம் ஒதுக்கச் சொல்ற சட்டமும் சில நாட்டுல இருக்கு.) ஆக பேங்குங்கிற பேருக்கு மரியாதை எதுவும் இல்ல, எது மேல எழுதி வாங்கினாங்கங்கிறதுதான் விஷயம். பதிவு பண்ண மறந்திருந்தா பல நாடுகள்ல அந்த அடமானமே லிக்விடேட்டர்கிட்ட செல்லாது, பேங்கும் சாதா வரிசைக்கு வந்துடும்.

ஓனருக்கு எப்பவுமே கடைசி இடம்னும் சொல்ல முடியாது. இங்கிலாந்துல சாலமன்னு ஒரு பூட்ஸ் வியாபாரி, தன் கம்பெனிக்குத் தானே அடமானத்தோட கடன் கொடுத்த மாதிரி கடன்பத்திரம் எழுதி வச்சிருந்தார், கம்பெனி விழுந்ததும் அந்தப் பத்திரம் செல்லும், சாதா கடன்காரங்களுக்கு முன்னாடிதான்னு 1896ல அப்போ அங்க மேல்முறையீட்டுக்குக் கடைசி கோர்ட்டா இருந்த பிரபுக்கள் சபை சொல்லிடுச்சு, இன்னைக்கும் சட்டப் படிப்புல முதல் பாடம் அதுதான். ஆனா எல்லா இடத்துலயும் இது நடக்காது, ஜெர்மனில பங்குதாரர் கொடுத்த கடன் பொதுவா மத்தவங்க கடனுக்குப் பின்னாலதான் வரும்.

இப்ப அந்த இன்வாய்ஸ்காரர் கதை. சரக்கு டெலிவரி ஆனதும் அது கம்பெனி சொத்தாயிடுது, அவருக்கு மிச்சம் இருக்கிறது வெறும் பாக்கிதான். "முழுப் பணம் வர்ற வரைக்கும் சரக்கு எங்களோடது"ன்னு ஆர்டர் ஒப்பந்தத்துலயே ஒரு வரி இருந்து, எந்தப் பெட்டி அவரோடதுன்னு தனியா காட்டவும் முடிஞ்சிருந்தா, பல நாடுகள்ல திருப்பி எடுக்க வழி உண்டு. அவர் ஒப்பந்தத்துல அந்த வரி இல்ல. பில்லோட அடியில பொடி எழுத்துல இருந்துச்சு, ஆனா பில்லு போனது சரக்கு இறங்கினதுக்கு அப்புறம்.